கேலரியிலிருந்து மெயிலுக்கு ஒரு படம்: அது எந்தக் கணக்கிலிருந்து போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் இருக்கும் ஒரு போட்டோவை மெயிலில் அனுப்ப வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து, ஷேர் குறியைத் தட்டுங்கள். ஆண்ட்ராய்டில் அது மூன்று புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த குறி. ஐபோனில் ஒரு சதுரத்திலிருந்து மேலே எழும் அம்பு. தட்டியதும் ஆப்களின் பட்டியல் ஒன்று கீழிருந்து வரும். அதில் ஜிமெயிலையோ நீங்கள் பயன்படுத்தும் வேறு மெயில் ஆப்பையோ தொட்டால், புது மெயில் எழுதும் திரை திறக்கும். படம் ஏற்கெனவே அதில் சேர்ந்திருக்கும். பெறுபவர் முகவரி, தலைப்பு, இரண்டு வரி எழுதி அனுப்பிவிடலாம்.

பட்டியலில் மெயில் ஆப் கண்ணில் படவில்லை என்றால் பக்கவாட்டிலோ மேலேயோ நகர்த்திப் பாருங்கள். ஐபோனில் வரிசையின் கடைசியில் More என்று இருக்கும், அதற்குள் தேடலாம்.

போனில் ஒரே ஒரு மெயில் கணக்குதான் இருக்கிறது என்றால் உங்களுக்கு இவ்வளவு போதும். இரண்டோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்குத்தான் மீதிப் பக்கம்.

படம் சரியாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் மேலே என் பழைய ஐடி நிற்கிறது. நான் அதைத் தேர்ந்தெடுக்கவே இல்லையே?

நீங்கள் மட்டுமல்ல, கேலரியும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஷேர் செய்யும் நேரத்தில் கேலரி மெயில் ஆப்பிடம் கொடுப்பது மிகக் கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டில் அது படம் இருக்கும் இடத்தைக் காட்டும் `content://` என்று தொடங்கும் ஒரு முகவரி, அது `image/jpeg` போல என்ன வகைக் கோப்பு என்ற குறிப்பு, அதைப் படித்துக்கொள்ளத் தற்காலிக அனுமதி. எந்த மெயில் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும் என்று சொல்ல அந்தக் கைமாற்றத்தில் இடமே கிடையாது. உங்களிடம் எத்தனை மெயில் ஐடி இருக்கிறது என்பதுகூட கேலரிக்குத் தெரியாது.

ஆகவே முடிவு மெயில் ஆப்பின் கையில் போகிறது. அது தன் வழக்கப்படி ஒரு கணக்கை எடுத்து வைக்கிறது. ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் பெரும்பாலும் நீங்கள் கடைசியாக எந்தக் கணக்கின் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ அதுதான் வந்து நிற்கும். காலையில் பழைய ஐடியில் ஏதோ ஓடிபி பார்த்துவிட்டு ஆப்பை அப்படியே விட்டிருந்தால், மத்தியானம் கேலரியிலிருந்து அனுப்பும் படத்துக்கு அந்தப் பழைய ஐடியே மேலே வரும். நேற்று சரியாகப் போனது இன்று ஏன் மாறியது என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். போனில் எதுவும் கெடவில்லை. இடையில் நீங்கள் வேறு இன்பாக்ஸைத் திறந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஐபோனின் மெயில் ஆப்புக்கு வேறு வழக்கம். அதற்கு அமைப்புகளில் ஒரு நிலையான கணக்கு உண்டு. வெளியே இருந்து வரும் எதையும் அந்தக் கணக்கிலேயே ஏற்றும். நீங்கள் கடைசியாகப் பார்த்த இன்பாக்ஸ் எதுவாக இருந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் ஐடியை எப்படி மாற்றுவது?

எழுதும் திரையின் மேல்பகுதியில் From என்ற வரி இருக்கும். போன் தமிழில் இருந்தால் அந்தச் சொல்லும் தமிழில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் மெயில் முகவரியைத் தட்டுங்கள். ஆப்பில் சேர்த்திருக்கும் எல்லாக் கணக்குகளும் பட்டியலாக விரியும். வேண்டியதைத் தொட்டால் மாறிவிடும். படம் எங்கேயும் போகாது, அப்படியே இருக்கும்.

இதை எப்போது செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: திரை திறந்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன். பெறுபவர் பெயரை எழுதத் தொடங்கியதும் கண் கீழே போய்விடும். கீபோர்டு பாதித் திரையை மறைக்கும், எழுத எழுதத் திரை மேலே நகரும், From வரி பார்வையிலிருந்து மறைந்துவிடும். அனுப்பும் பொத்தான் மட்டும் எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

முதலிலேயே மாற்றுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பெறுபவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் ஆப் காட்டும் பெயர்கள் பெரும்பாலும் அந்தந்தக் கணக்கின் தொடர்புகளிலிருந்து வருபவை. அலுவலகக் கணக்கை வைத்தபின் எழுதினால் அலுவலகத்தில் உள்ளவர் முன்னால் வருவார். சொந்தக் கணக்கிலேயே எழுதினால் அதே பெயருள்ள சொந்தக்காரர் முன்னால் வருவார். தவறான ஐடியும் தவறான ஆளும் ஒரே மெயிலில் சேர்வது இப்படித்தான்.

ஐபோனில் From வரியே தெரியவில்லையே?

மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. To வரிக்குக் கீழே Cc/Bcc, From என்று மூன்றும் ஒரே வரியில், சாம்பல் நிறத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு மெயில் முகவரியும் தெரியும். அதுதான் இப்போதைக்கு அனுப்பப் போகும் முகவரி. அந்த வரியை ஒருமுறை தட்டினால் மூன்று தனி வரிகளாகப் பிரியும். பிறகு From வரியைத் தட்டினால் முகவரிகளின் பட்டியல் வரும். ஆக, இரண்டு தட்டு.

முதல் தட்டுக்குப் பிறகு நின்றுவிடுபவர்கள் அதிகம். வரி விரிந்ததும் கர்சர் Cc வரியில் போய் நிற்கும், கீபோர்டும் அதற்காகவே தயாராகும். அதைப் பொருட்படுத்தாமல் கீழே இருக்கும் From-ஐத் தட்டுங்கள்.

அந்த வரியில் From என்ற சொல்லே இல்லாமல் Cc/Bcc மட்டும் இருந்தால், அந்த ஆப்பில் தேர்ந்தெடுக்க இன்னொரு முகவரி இல்லை என்று அர்த்தம். நீங்கள் தேடும் கணக்கு வேறு மெயில் ஆப்பில் இருக்கலாம். ஐபோனின் மெயில் ஆப்பில் சேர்த்த கணக்குகளும் ஜிமெயில் ஆப்பில் சேர்த்த கணக்குகளும் தனித்தனி. ஒன்றில் சேர்த்தது மற்றொன்றில் தானாக வராது. ஷேர் பட்டியலுக்குத் திரும்பிப் போய், அந்தக் கணக்கு இருக்கும் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. நிரந்தரமாக ஒரு ஐடியை வைத்துவிடலாமா?

ஐபோன் மெயில் ஆப்பில் வைக்கலாம். Settings திறந்து Mail பகுதிக்குப் போங்கள். ஐஓஎஸ் 18 முதல் அது Apps என்ற பகுதிக்குள் இருக்கிறது, அதற்கு முன்பு Settings-இன் முதல் பக்கத்திலேயே இருந்தது. கீழே நகர்த்தினால் Default Account வரும். அதில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதுவே கேலரியிலிருந்து வரும் படங்களுக்கான அனுப்பும் கணக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தால்தான் இந்த வரியே தென்படும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெயில் ஆப்புக்குள்ளே ஒரு குறிப்பிட்ட கணக்கின் இன்பாக்ஸில் இருந்துகொண்டு புது மெயில் எழுதினால், அந்தக் கணக்கே From வரியில் வரும். Default Account அங்கே குறுக்கிடாது. கேலரி போன்ற வெளி ஆப்களிலிருந்து வருவதற்குத்தான் அது. அதனால் எதிலிருந்து படம் அதிகமாக அனுப்புகிறீர்களோ, அந்தக் கணக்கை அங்கே வைப்பதே சரி. மெயில் அதிகமாக வரும் கணக்காக அது இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆண்ட்ராய்டு ஜிமெயிலைப் பொறுத்தவரை, வழியைத் திருப்பிப் போடுவதே நான் சொல்லும் தீர்வு. கேலரியில் தொடங்காமல் ஜிமெயிலில் தொடங்குங்கள். வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் வட்டப் படத்தைத் தட்டி வேண்டிய கணக்குக்கு மாறுங்கள். பிறகு புது மெயிலைத் திறந்து, பேப்பர் கிளிப் குறியைத் தட்டிப் படத்தைச் சேருங்கள். எந்த இன்பாக்ஸில் நிற்கிறீர்களோ அதுவே From வரியில் வரும். எல்லாக் கணக்கும் கலந்து தெரியும் All inboxes பார்வையில் இருந்து தொடங்கினால் மட்டும் இந்த உறுதி கிடையாது. அங்கே From-ஐப் பார்த்தே ஆக வேண்டும்.

என் ஆபீஸ் ஐடி போனில் இருக்கிறது, மெயிலும் வருகிறது. ஆனால் From பட்டியலில் மட்டும் காணோம். ஏன்?

ஆண்ட்ராய்டு போன் என்றால் முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் ஆப் பட்டியலில் ஜிமெயிலோ அவுட்லுக்கோ இரண்டு முறை இருக்கிறதா? ஒன்றின் குறியின் ஓரத்தில் சின்னப் பெட்டி போன்ற அடையாளம் இருக்கிறதா? இருந்தால் உங்கள் நிறுவனம் போனில் ஒரு பணிச் சுயவிவரத்தை அமைத்திருக்கிறது. திரையில் அது Work என்று வரும். போனுக்குள்ளேயே சுவர் எழுப்பிப் பிரித்த இன்னொரு பகுதி அது. அங்கே இருக்கும் ஜிமெயில் வேறு, உங்கள் சொந்த ஜிமெயில் வேறு. பெயரும் குறியும் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் கணக்குகள் இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் From பட்டியலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ஷேர் குறியைத் தட்டியதும் வரும் பட்டியலின் மேலே Personal, Work என்று இரண்டு தாவல்கள் இருக்கும். Work தாவலுக்கு மாறி, அங்கே இருக்கும் மெயில் ஆப்பைத் தொடுங்கள். எழுதும் திரை ஆபீஸ் ஐடியுடன் திறக்கும். அந்தத் தாவலுக்குள் ஆப் எதுவும் இல்லாமல், அனுமதி இல்லை என்ற பொருளில் செய்தி வந்தால், சொந்தப் பகுதியிலிருந்து பணிப் பகுதிக்குக் கோப்பு கொண்டுபோவதை உங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு தடுத்திருக்கிறது. அதை உங்கள் போனில் மாற்ற முடியாது. அப்போது படத்தை எடுப்பதையே பணிப் பகுதியில் உள்ள கேமரா ஆப்பில் செய்யலாம், அது அங்கே இருந்தால். இல்லையென்றால் தொழில்நுட்பப் பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு ஆப் இல்லை, ஒன்றுதான் என்றால் காரணம் எளிமையானது. ஆபீஸ் மெயிலை வேறு ஆப்பில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஷேர் பட்டியலில் அந்த ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரே ஜிமெயில் கணக்குக்குள் மாற்று முகவரி வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாற்று முகவரியைக் கணினியின் பிரௌசரில், ஜிமெயில் அமைப்புகளில் Send mail as என்ற இடத்தில் சேர்க்க வேண்டும். போன் ஆப்பில் சேர்க்க வழியில்லை. அங்கே சேர்த்து, உறுதிப்படுத்த வரும் மெயிலில் உள்ள லிங்க்கையும் தட்டி முடித்துவிட்டால், போனின் From பட்டியலிலும் அது வந்துவிடும்.

லேப்டாப் திரை உடைந்ததற்குப் புகார் கொடுத்தேன். மூன்று படம் அனுப்பச் சொன்னார்கள். பில்லுக்கென்று வைத்திருக்கும் ஐடியில் புகார் பதிந்தது. படங்கள் என் சொந்த ஐடியில் இருந்து போய்விட்டன. இப்போது "படம் வரவில்லை" என்கிறார்கள். என்ன நடந்திருக்கும்?

படம் அங்கே போயிருக்கும், ஆனால் உங்கள் புகாரோடு சேர்ந்திருக்காது. இப்படிப்பட்ட சேவை மையங்கள் வரும் மெயிலைப் பொதுவாக ஒரு மென்பொருள் வழியாகப் பிரிக்கின்றன. தலைப்பில் புகார் எண் இருக்கிறதா, அனுப்பியவர் முகவரி பதிவில் இருக்கிறதா என்று அது பார்க்கும். நீங்கள் அனுப்பியது கேலரியிலிருந்து பிறந்த புது மெயில். தலைப்பில் எண் இருந்திருக்காது, முகவரியும் வேறு. ஆகவே முன்பின் தெரியாத ஒருவரின் புதுப் புகாராக அது வேறு வரிசையில் போய்க் கிடக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியதைப் படிப்படியாகப் பார்ப்போம். மூன்று படங்கள்: முழுத் திரை, விரிசல் நெருக்கத்தில், பின்புறம் ஒட்டியிருக்கும் சீரியல் எண். கேலரியில் முதல் படத்தை அழுத்திப் பிடித்து, மற்ற இரண்டையும் தொட்டு, மூன்றையும் சேர்த்து ஒரே முறையில் ஷேர் செய்யுங்கள். தனித்தனியாக ஷேர் செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது மெயில் திறக்கும். மூன்று மெயில், மூன்று முறை ஐடி மாற்ற வேண்டிவரும்.

எழுதும் திரை திறந்ததும் From வரியைத் தட்டி, பில் ஐடிக்கு மாற்றுங்கள். தலைப்பில் அவர்கள் தந்த புகார் எண்ணை அப்படியே எழுதுங்கள். உள்ளே, எந்தப் படம் எது என்று ஒரு வரி. கடைசியாகப் படங்களின் கீழே தெரியும் அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 எம்பி என்றால் மொத்தம் 12 எம்பி. ஜிமெயில் இணைப்புகளுக்கு 25 எம்பி வரை அனுமதிக்கிறது, அதனால் உங்கள் பக்கம் தடையில்லை. ஆனால் மெயிலில் பயணிக்கும்போது படங்கள் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படும். அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 12 எம்பி, வழியில் 16 எம்பி ஆகிவிடும். பெறுபவரின் சர்வர் 10 எம்பிக்கு மேல் வாங்காது என்றால் மெயில் திரும்பி வரும்.

அப்படித் திரும்பும் அறிவிப்பு எங்கே வரும்? From வரியில் இருந்த கணக்குக்கு. பில் ஐடியின் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்திருப்பவர்கள், மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து நாள்கணக்கில் காத்திருப்பார்கள். அனுப்பிய சில நிமிடம் கழித்து அந்த ஐடியின் இன்பாக்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இந்தக் குறிப்பிட்ட நிலையில் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. படம் அனுப்பச் சொல்லி அவர்களே ஒரு மெயில் அனுப்பியிருப்பார்கள் அல்லவா? அதைத் திறந்து Reply கொடுத்து, பேப்பர் கிளிப் வழியாகப் படங்களைச் சேருங்கள். பதில் மெயில், வந்த கணக்கிலிருந்தே போகும், தலைப்பில் எண்ணும் தானாக இருக்கும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒரு மெயில் தொடருக்குப் படம் அனுப்பக் கேலரியிலிருந்து கிளம்பவே வேண்டாம். புதிதாக ஒருவருக்கு அனுப்பும்போதுதான் கேலரி வழி வசதி.

கூகுள் போட்டோஸில் ஒரு கணக்கு, ஜிமெயிலில் வேறு கணக்கு வைத்திருக்கிறேன். இது குழப்பமாகுமா?

படத்தையே கோப்பாக அனுப்பும்வரை ஆகாது. போட்டோஸில் எந்தக் கணக்கு திறந்திருந்தாலும் ஜிமெயில் அதைப் பார்ப்பதில்லை. பெறுபவருக்கும் தெரியாது. படம் போனில் இல்லாமல் கூகுள் சேமிப்பில் மட்டும் இருந்தால், ஷேர் செய்யும்போது முதலில் அதை இறக்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

லிங்க்காக அனுப்பும்போது கதை மாறும். போட்டோஸில் ஷேர் தட்டும்போது படத்தை அனுப்பாமல் லிங்க் உருவாக்கும் வழியும் இருக்கும். அப்படி உருவான லிங்க், போட்டோஸில் திறந்திருக்கும் கணக்கைச் சேர்ந்தது. அதைத் திறப்பவர் அந்தக் கணக்கின் பெயரையும் முகப்புப் படத்தையும் பார்ப்பார். From வரியில் ஆபீஸ் ஐடியைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பீர்கள். மெயிலும் ஆபீஸ் பெயரில் போகும். உள்ளே இருக்கும் லிங்க்கைத் தட்டினால் உங்கள் சொந்தக் கணக்கின் பெயரும், நீங்கள் குடும்பத்துக்காக வைத்த முகப்புப் படமும் வந்து நிற்கும். இரண்டு கணக்கையும் பிரித்து வைக்க நினைப்பவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுப்புவதற்கு முன் கண்டுபிடிப்பது எளிது. எழுதும் திரையில் படத்தின் சிறு வடிவமும் கோப்பின் அளவும் தெரிந்தால் அது கோப்பு. நீலத்தில் ஒரு முகவரி மட்டும் எழுத்தாக நின்றால் அது லிங்க்.

பாதியில் விட்டுவிட்டேன். டிராஃப்ட்டில் தேடினால் இல்லை. படத்தோடு போய்விட்டதா?

வேறு கணக்கின் டிராஃப்ட்டில் இருக்கும். எழுதிக்கொண்டிருந்தபோது From வரியில் இருந்த கணக்கு எதுவோ, அதன் டிராஃப்ட் பெட்டியில்தான் சேமிப்பாகும். From-ஐ மாற்றாமலேயே விட்டிருந்தால், ஆப் தானாக எடுத்து வைத்த அந்தப் பழைய ஐடியில் தேடுங்கள்.

கிடைத்ததும் படம் இன்னும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேலரி கொடுத்த அனுமதி தற்காலிகமானது என்று மேலே சொன்னேன். மெயில் ஆப் படத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொள்வதற்குள் மூடப்பட்டிருந்தால் எழுத்து மட்டும் தங்கி, படம் இல்லாமல் போகலாம். அப்படியென்றால் மீண்டும் சேர்க்க வேண்டியதுதான். இதே காரணத்துக்காக, மெயில் Sent பெட்டிக்குள் வந்து சேரும்வரை கேலரியில் இருக்கும் அந்தப் படத்தை அழிக்காதீர்கள். சிக்னல் மோசமாக இருந்தால் அது Outbox-இல் காத்துக்கொண்டிருக்கும்.

அனுப்பு பொத்தானைத் தட்டிய நொடியில்தான் ஐடி தவறு என்று பார்த்தேன். திரும்ப வாங்க முடியுமா?

சில நொடிகள் உண்டு. ஜிமெயில் ஆப்பில் அனுப்பியதும் திரையின் அடியில் ஒரு பட்டை வரும், அதில் Undo இருக்கும். அதைத் தட்டினால் மெயில் படத்தோடு எழுதும் திரைக்கே திரும்பும். அங்கே From-ஐ மாற்றி மறுபடி அனுப்பலாம். ஐபோன் மெயில் ஆப்பில் ஐஓஎஸ் 16 முதல் இந்த வசதி இருக்கிறது. இயல்பாக 10 நொடி. Mail அமைப்புகளில் Undo Send Delay என்ற இடத்தில் 20 அல்லது 30 நொடியாக நீட்டிக்கொள்ளலாம். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்கள் 30 வைத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

அந்த நேரம் கடந்துவிட்டால் திரும்ப வாங்க வழியில்லை. Sent பெட்டியில் அழித்தால் உங்கள் பிரதி மட்டும்தான் அழியும். பெறுபவர் தெரிந்தவர் என்றால், சரியான ஐடியிலிருந்து மறுபடி அனுப்பி, "இந்த முகவரிக்குப் பதில் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் முதலில் வந்த மெயிலுக்கே பதில் போடுவார். அது பழைய ஐடிக்குப் போகும், நீங்கள் புது ஐடியில் காத்திருப்பீர்கள். இன்னொன்று: அவருடைய மெயில் ஆப் உங்கள் பழைய ஐடியை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை உங்கள் பெயரை எழுதும்போது அதையே முதலில் காட்டலாம்.

ஐடியை மாற்றினேன். மெயிலின் அடியில் வரும் கையெழுத்தும் மாறுமா?

கையெழுத்து ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக வைத்திருந்தால் மாறும். ஐபோன் மெயிலில் Signature அமைப்புக்குள் All Accounts என்று இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். Per Account என்று மாற்றி எழுதினால் கணக்குக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் ஒவ்வொரு கணக்கின் அமைப்புக்குள்ளும் Mobile Signature என்று தனியாக இருக்கிறது. கையெழுத்தை நீங்களே கையால் அடித்திருந்தால் ஆப் அதைத் தொடாது. சொந்த ஐடியின் அடியில் ஆபீஸ் பதவி தொங்காமல் இருக்க, ஐடி மாற்றியபின் ஒருமுறை கீழேயும் பார்த்துவிடுங்கள்.

சரியான ஐடியிலிருந்துதான் அனுப்புகிறேன். படம் எடுத்த இடம் பெறுபவருக்குத் தெரிந்துவிடுமா?

கேமராவில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தபோது எடுத்த படம் என்றால், அந்த இடம் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். மெயிலில் கோப்பாகப் போகும்போது அதுவும் கூடவே போகலாம். விற்பனைக்கென்று தனி ஐடி வைத்து, அதிலிருந்து வீட்டில் எடுத்த பொருளின் படத்தை அனுப்பினால், ஐடி உங்களை மறைக்கும். படம் உங்கள் வீட்டைக் காட்டிவிடும்.

ஐபோனில் ஷேர் பட்டியலின் மேலே Options என்று சிறிதாக இருக்கும். அதைத் தட்டி Location-ஐ அணைத்துவிட்டு அனுப்புங்கள். சில ஆண்ட்ராய்டு கேலரிகளிலும் ஷேர் திரையில் இதே போன்ற வசதி இருக்கிறது. உங்கள் போனில் இல்லை என்றால், படத்தைத் திரை முழுக்கத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். கேமரா எழுதிய இருப்பிடம் அதில் இருக்காது, அளவும் பெரும்பாலும் குறையும். தெளிவும் கொஞ்சம் குறையும் என்பதால் சீரியல் எண் போன்ற பொடி எழுத்துள்ள படத்துக்கு இது உதவாது. அதை மட்டும் நெருக்கமாகப் பெரிதாக்கி வைத்துத் தனி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.